கெட்டியாகிவிட்டதா, பதம் வந்துவிட்டதா? வாழை, மாம்பழம், பப்பாளி ஜாமில் அடுப்பை எப்போது அணைப்பது?

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைப் பக்கம் ராத்திரி கடை கட்டும் நேரத்தில் போனால், தோல் கறுத்த வாழைப்பழமும் ஒரு பக்கம் அமுங்கிய பப்பாளியும் பேரம் பேசாமலே குறைந்த விலைக்குக் கிடைக்கும். சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் தனி வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த வேலைகூட இல்லை. கொல்லையில் நிற்கும் ஒரு பப்பாளி மரம் ஒரே வாரத்தில் நாலைந்து பழத்தைப் பழுக்க வைத்துவிடும். மே, ஜூன் வந்தால் மாம்பழம். பெட்டியாக வாங்கி வைத்தது ஒரே நாளில் மொத்தமாகக் கனிந்து நிற்கும்.

'ஜாம் போட்டுடலாமே' என்ற யோசனை அப்போதுதான் வருகிறது. ஃபோனில் தேடினால் ரெசிபிகளுக்குப் பஞ்சமே இல்லை. பழக்கூழ், சர்க்கரை, எலுமிச்சை, கிளறு, கெட்டியானதும் இறக்கு. அந்தக் கடைசி வரியில்தான் சிக்கல் இருக்கிறது. 'கெட்டியானதும்' என்றால் எவ்வளவு கெட்டி?

இதில் தவறினால் இரண்டு விதமாகத் தவறும். வாழைப்பழ ஜாம் அடுப்பில் பத்து நிமிஷத்திலேயே அல்வா மாதிரி திரண்டு நிற்கும். சரி, ஆயிடுச்சு என்று இறக்கி வைத்தால், இரண்டாவது வாரம் மூடியைத் திறக்கும்போது மேலே பூஞ்சை பூத்திருக்கும். பப்பாளி இதற்கு நேர் எதிர். எவ்வளவு கிளறினாலும் சூடாக இருக்கும்போது தளதளவென்றே இருக்கும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விட்டால், மறுநாள் காலையில் கத்தியால் வெட்ட வேண்டிய மிட்டாயாகிவிடும். ஒரு கிலோ பழம், முக்கால் கிலோ சர்க்கரை, ஒரு மணி நேர கேஸ், எல்லாம் வீண்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. கண்ணுக்குத் தெரியும் கெட்டித்தன்மை வேறு, ஜாமின் பதம் வேறு.

ஜாம் 'செட்' ஆவது என்றால் உள்ளே என்ன நடக்கிறது?

பழத்தின் சதையில் பெக்டின் என்று ஒரு பொருள் இருக்கிறது. பழத்தின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் இயற்கைப் பசை என்று வைத்துக்கொள்ளலாம். பழத்தை வேகவைத்தால் இந்தப் பெக்டின் நீண்ட இழைகளாகக் கூழில் கரைந்துவிடும். அந்த இழைகள் ஒன்றோடொன்று கோத்து வலை மாதிரி ஆனால், அந்த வலைக்குள் தண்ணீர் சிக்கிக்கொள்ளும். ஸ்பூனில் எடுத்தால் ஆடி நிற்கும் அந்த நிலைதான் 'செட்'.

ஆனால் இழைகள் தானாகக் கோத்துக்கொள்ளாது. அவை ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் மின்னூட்டம் கொண்டவை, தண்ணீரும் அவற்றைச் சுற்றிக்கொண்டு சேரவிடாது. சர்க்கரை அந்தத் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். புளிப்பு, அதாவது அமிலம், அந்த மின்னூட்டத்தைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்து போதுமான அளவில் இருந்தால்தான் வலை பின்னும். புளிப்பின் அளவு பி.எச். கணக்கில் 3-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 3.5-ஐத் தாண்டினால் வலை பலவீனம்.

சர்க்கரைக்கு இன்னொரு வேலையும் உண்டு. கிருமிக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் செய்வது. ஜாமின் மொத்த எடையில் நூற்றுக்கு 65 பங்காவது கரைந்த சர்க்கரையும் பழத்தின் கரைபொருளும் இருக்க வேண்டும் என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதி சொல்கிறது. அதற்கு முன்பு இருந்த பழப்பொருள் ஆணையில் இது 68 ஆக இருந்தது. கம்பெனிகளிடம் வெற்றிட மூடியும் ஆய்வகமும் இருக்கிறது. வீட்டில் அது கிடையாது. அதனால் பழைய 68-ஐயே குறி வைப்பது நமக்குப் பாதுகாப்பு.

ஆக, ஜாம் ஆகிவிட்டதா என்ற கேள்வியில் இரண்டு கேள்வி இருக்கிறது. வலை பின்னிவிட்டதா? தண்ணீர் போதுமான அளவுக்குப் போய்விட்டதா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்பதால் இன்னொன்றுக்கும் 'ஆமாம்' ஆகிவிடாது.

நம்ம ஊர்ப் பழங்கள் ஏன் ஏமாற்றுகின்றன?

ஜாம் என்பது குளிர்நாட்டுப் பண்டம். புளிப்பும் பெக்டினும் நிறைந்த ஆப்பிள், பிளம், ஆரஞ்சு மாதிரியான பழங்களை வைத்து உருவான முறை. நம்மிடம் இருப்பதோ புளிப்பு குறைந்த, இனிப்பும் சதையும் அதிகமான பழங்கள்.

பப்பாளியில் புளிப்பு கிட்டத்தட்ட இல்லை. அதன் பி.எச். ஐந்துக்கு மேல். வாழைப்பழமும் ஐந்தை ஒட்டித்தான். இந்த அளவில் எவ்வளவு சர்க்கரை போட்டுக் கிளறினாலும் வலை பின்னாது. எலுமிச்சையை 'வாசனைக்குக் கொஞ்சம்' என்று எழுதும் ரெசிபிகளை நம்பி இறங்கினால், பாகில் ஊறிய பழக்கூழ்தான் கிடைக்கும். மாம்பழம் கொஞ்சம் பரவாயில்லை, வகையைப் பொறுத்து நாலைச் சுற்றி இருக்கும். ஆனால் நன்றாகக் கனிந்த பங்கனப்பள்ளியில் புளிப்பு குறைந்துவிட்டிருக்கும்.

கனியக் கனியப் பெக்டினும் உடைந்துபோகும். கடை கட்டும் நேரத்தில் மலிவாகக் கிடைக்கும் பழத்தில் இனிப்பு உச்சத்திலும் பெக்டின் அடிமட்டத்திலும் இருக்கும். அதற்காக அதை வாங்க வேண்டாம் என்றில்லை. நாலு பங்கு கனிந்த பழத்தோடு ஒரு பங்கு செங்காய்ப் பருவத்துப் பழத்தைச் சேர்த்தால் போதும். அமுங்கிய பழம் ஓகே, புளித்த வாடை வந்த பழம் வேண்டாம்.

வாழைப்பழத்தில் இன்னொரு மாயம் இருக்கிறது. மசித்த வாழைப்பழம் தானே கெட்டி. பெக்டின் வலையே இல்லாமல், சதையின் நாரும் மிச்ச மாவுச்சத்தும் சேர்ந்து அதைத் தாங்கி நிற்கின்றன. நமக்குத் தெரிந்த பழனி பஞ்சாமிர்தத்தை யோசித்துப் பாருங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பிரசாதத்தில் மலைவாழையைத் தண்ணீர் சேர்க்காமல் பிசைகிறார்கள். வெல்லம், தேன், நெய் எல்லாம் சேர்ந்து கெட்டியாக நிற்கிறது. யாரும் அதை 'செட்' ஆக்கவில்லை. வாழைப்பழம் கெட்டியாக இருக்கிறது என்பதால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

ஸ்பூன், தட்டு, தெர்மாமீட்டர்: எதை நம்புவது?

வீடுகளில் அதிகம் செய்வது ஸ்பூன் சோதனை. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால், துளித்துளியாகச் சொட்டாமல் இரண்டு துளி சேர்ந்து தகடு போல விழ வேண்டும். ஆப்பிள் ஜெல்லி மாதிரி தெளிந்த சாறுக்கு இது அருமையான சோதனை. கூழாக இருக்கும் வாழைக்கும் மாம்பழத்துக்கும் வேலைக்கு ஆகாது. ஏனென்றால் ஆரம்பத்திலிருந்தே அவை தகடாகத்தான் விழும்.

தட்டுச் சோதனை இதைவிட மேல். ஃப்ரீசரில் பத்து நிமிஷம் வைத்த பீங்கான் தட்டில் ஒரு ஸ்பூன் ஜாமை விட்டு, ஒரு நிமிஷம் கழித்து விரலால் தள்ளிப் பார்ப்பது. மேல் தோல் சுருங்கினால் வலை பின்ன ஆரம்பித்துவிட்டது. கூழ் வகை ஜாமில் சுருக்கத்தைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஓரத்தை. ஜாம் குமியைச் சுற்றித் தண்ணீர் வளையம் மாதிரி பிரிந்து ஓடினால், உள்ளே இன்னும் கட்டுப்படாத தண்ணீர் இருக்கிறது. வளையம் இல்லாமல் ஓரம் சுத்தமாக நின்றால் சரியான திசையில் போகிறது. தட்டில் விட்டுப் பார்க்கும் அந்த ஒரு நிமிஷமும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இங்கே நீங்கள் ஆராய்ச்சி செய்யும்போது அங்கே பதம் தாண்டிவிடும்.

தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு 105 டிகிரி செல்சியஸ் என்று எல்லா ரெசிபியும் சொல்லும். அது கடல் மட்டக் கணக்கு, தண்ணீரின் கொதிநிலையைவிட ஐந்து டிகிரி அதிகம். தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கத்துக்கு அப்படியே பொருந்தும். கொடைக்கானலில் தண்ணீரே சுமார் 93 டிகிரியில் கொதித்துவிடும் என்பதால், அங்கே 98-லேயே இறக்க வேண்டும். ஆனால் நம்ம பழங்களில் தெர்மாமீட்டருக்கும் ஒரு சிக்கல். கெட்டிக் கூழ் ஒரே சீராகச் சூடாகாது. அடியில் தீய ஆரம்பித்திருக்கும், நடுவில் 101 காட்டும். நன்றாகக் கிளறி, முனை அடியைத் தொடாமல் நடுவில் பிடித்துப் பார்த்தால்தான் ஓரளவு நம்பலாம்.

இவ்வளவு தலைவலி இல்லாத ஒரு கருவி, பேக்கிங் செய்யும் பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. கிச்சன் தராசு.

எடை எப்படிப் பதம் சொல்லும்?

கொதிக்கும்போது ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான். சர்க்கரை எங்கேயும் போகாது. போட்ட சர்க்கரை எவ்வளவு, பழத்துக்குள் இருக்கும் இனிப்பு எவ்வளவு என்று தெரிந்தால், ஜாம் எந்த எடைக்கு வரும்போது 68 பங்கு ஆகும் என்பது வெறும் வகுத்தல் கணக்கு.

உணவுப் பதப்படுத்தல் பாடங்களில் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு: போட்ட சர்க்கரையின் எடையைப் போல ஒன்றரை மடங்குக்கு வந்தால் ஜாம் தயார். இனிப்பு குறைந்த பழங்களுக்கு அது ஓரளவு சரி. வாழைப்பழத்தில் இதைப் பின்பற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு கிலோ கூழில் ஏற்கெனவே 220 கிராம் அளவுக்குக் கரைபொருள் இருக்கும். ஒரு கிலோ சர்க்கரை போட்டு ஒன்றரைக் கிலோவுக்குச் சுண்ட வைத்தால், 1,500-இல் 1,220. நூற்றுக்கு 81. அது ஜாம் இல்லை, கடித்து இழுக்கும் மிட்டாய். ஆறியதும் சர்க்கரை பூத்து நறநறக்கவும் செய்யும். அதனால் நம்ம பழங்களுக்குக் கணக்கைத் தனியாகத்தான் போட வேண்டும்.

கணக்கு இதுதான். போட்ட சர்க்கரையையும் பழத்தின் கரைபொருளையும் கூட்டி, 0.68-ஆல் வகுக்க வேண்டும். ஒரு கிலோ கூழுக்குப் பழத்தின் பங்கு தோராயமாக இப்படி இருக்கும்: பப்பாளிக்கு 110 கிராம், நன்கு கனிந்த மாம்பழத்துக்கு 170, வாழைக்கு 220. பழத்துக்குப் பழம் கொஞ்சம் மாறும். பத்து இருபது கிராம் வித்தியாசத்தால் பதம் கெட்டுவிடாது.

ஒரு பப்பாளியை வைத்துப் போட்டுப் பார்ப்போம்

ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் அதிகமான ஒரு பப்பாளி எடுத்துக்கொள்வோம். தோல், விதை போக ஒரு கிலோ சதை கிடைக்கும். பெரும்பகுதி நன்கு பழுத்தது, கால் பங்கு சற்றுக் கடினமாக இருந்தால் நல்லது. மிக்ஸியில் ரொம்ப நைசாக அடிக்காமல், மத்தால் மசித்தாலே போதும்.

சர்க்கரை 750 கிராம். எலுமிச்சைச் சாறு 100 மி.லி. நம்மூர்ச் சின்ன எலுமிச்சை என்றால் நாலைந்து பழம். 'இவ்வளவா?' என்று தோன்றும். பப்பாளியின் புளிப்பில்லாத சதையைப் பி.எச். 3 பக்கம் இறக்க, சுமார் ஆறு கிராம் சிட்ரிக் அமிலம் வேண்டும். எலுமிச்சைச் சாற்றில் நூற்றுக்கு ஐந்தாறு கிராம்தான் அது இருக்கிறது. பயப்பட வேண்டாம், இவ்வளவு சர்க்கரைக்கு நடுவே அது புளிக்காது. பப்பாளியின் அந்த மந்தமான வாடையையும் எடுத்துவிடும்.

பாத்திரம் அகலமான, அடி கனத்த எவர்சில்வர். இரும்பு வாணலியும் அலுமினியமும் புளிப்போடு சேராது, நிறமும் ருசியும் மாறும். அகலம் முக்கியம், ஆவி சீக்கிரம் போனால்தான் நிறமும் மணமும் நிற்கும். குக்கர் மாதிரி ஒடுங்கிய பாத்திரத்தில் இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும், அதிக நேரம் புளிப்போடு கொதித்தால் பெக்டினே உடைந்துவிடும். ஒரே தடவையில் மூன்று கிலோ போட்டு முடித்துவிடலாம் என்ற ஆசை வேண்டாம் என்பதும் இதனால்தான்.

முதல் வேலை, காலிப் பாத்திரத்தைக் கிளறும் மரக்கரண்டியோடு சேர்த்து எடை போட்டு எழுதி வைப்பது. 1,320 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது கணக்கு. சர்க்கரை 750, பப்பாளியின் பங்கு 110, எலுமிச்சையின் பங்கு ஏழெட்டு கிராம். கூட்டினால் சுமார் 867. அதை 0.68-ஆல் வகுத்தால் 1,275. அதாவது ஜாம் 1,275 கிராமுக்கு வரும்போது பதம். பாத்திரம், கரண்டியோடு தராசு காட்ட வேண்டியது 2,595. இந்த எண்ணைப் பெரிதாக எழுதி அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

கூழையும் பாதி எலுமிச்சைச் சாற்றையும் முதலில் பத்து நிமிஷம் வேகவிட வேண்டும். பெக்டின் வெளியே வருவது இந்த நேரத்தில்தான், சர்க்கரையை முதலிலேயே கொட்டிவிட்டால் அது தடைபடும். பிறகு சர்க்கரை போட்டு, மிதமான தீயில் கரையும் வரை கிளறி, கரைந்ததும் தீயைக் கூட்டலாம். மூடி போடக் கூடாது. கெட்டியாகக் கெட்டியாகக் கூழ் குமிழ் விட்டுத் தெறிக்கும். சர்க்கரைக் கூழ் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும் என்பதால் நீளக் காம்புக் கரண்டி வேண்டும், கையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வது நல்லது. குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

எலுமிச்சைச் சாறு முழுவதையும் சேர்த்தால் பாத்திரத்துக்குள் போவது மொத்தம் 1,850 கிராம். கிட்டத்தட்ட 575 கிராம் தண்ணீர் ஆவியாக வேண்டும். நுரை அடங்கி, குமிழ்கள் பெரிதாகி, கரண்டியால் கோடு போட்டால் அடி ஒரு கணம் தெரியும் நிலை வரும்போது முதல் எடை போடலாம். அடுப்பை அணைத்து, தராசின் மேல் ஒரு மரப்பலகையை வைத்து, தராசைப் பூஜ்யமாக்கி, அதன்பிறகு பாத்திரத்தை வையுங்கள். சூடான பாத்திரத்தை நேராக வைத்தால் தராசின் பிளாஸ்டிக் போய்விடும். 5 கிலோ தாங்கும் தராசு இதற்குப் போதும்.

முதல் தடவை 2,780 காட்டினால், இன்னும் 185 கிராம் போக வேண்டும் என்று அர்த்தம். மறுபடி அடுப்பு. மீதி எலுமிச்சைச் சாற்றைச் சேர்க்க வேண்டியது இந்தக் கட்டத்தில்தான். அது சேரும்போது எடை கொஞ்சம் ஏறும், ஆனால் போய்ச் சேர வேண்டிய எண் மாறாது. ஐந்தாறு நிமிஷம் கழித்து இன்னொரு எடை. 2,600 பக்கம் வந்ததும் தட்டுச் சோதனையையும் செய்து பாருங்கள். எடை தண்ணீர் போய்விட்டதைச் சொல்லும், தட்டு வலை பின்னுவதைச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போனால் இறக்கிவிடலாம், சூட்டில் எவ்வளவு தளர்வாகத் தெரிந்தாலும் சரி. ஜாம் முழுசாகச் செட் ஆவது ஆறிய பிறகு, சில சமயம் ஒரு நாள் கழித்து.

வாழைக்கும் மாம்பழத்துக்கும் என்ன மாறும்?

வாழைக்கு அதே 750 கிராம் சர்க்கரையும் 100 மி.லி. எலுமிச்சையும் என்றால், இறக்க வேண்டிய எடை சுமார் 1,435 கிராம். பப்பாளியைவிடக் குறைவான தண்ணீர்தான் போக வேண்டும், ஆனால் கண்ணை நம்பினால் அதற்கு ரொம்ப முன்பே இறக்கிவிடுவோம். தோலை உரித்ததுமே எலுமிச்சைச் சாற்றில் பிசைந்துவிட வேண்டும், காற்று பட்டால் கறுத்துவிடும். லேசான புளிப்பு உள்ள பூவன் ஜாமுக்கு நன்றாக வரும். கற்பூரவல்லியில் இனிப்பு ரொம்ப அதிகம், அதற்குச் சர்க்கரையை நூறு கிராம் குறைத்துக் கணக்குப் போடலாம். வாழை அடியில் சீக்கிரம் பிடிக்கும் என்பதால் கடைசிப் பதினைந்து நிமிஷம் கரண்டியை விட்டு நகரவே கூடாது. நிறம் செம்பழுப்பாக மாறுவது இயல்பு, கடை ஜாமின் பளிச்சென்ற சிவப்பை எதிர்பார்க்க வேண்டாம்.

மாம்பழத்துக்கு எலுமிச்சை பாதி போதும். பங்கனப்பள்ளியோடு கொஞ்சம் கிளிமூக்கு மாங்காயைத் துருவிச் சேர்த்தால் புளிப்பும் பெக்டினும் சேர்ந்தே வந்துவிடும். இறக்கும் எடை சுமார் 1,360 கிராம். நார் அதிகமுள்ள பழம் என்றால் கூழை வடிகட்டிய பிறகு எடை போடுங்கள், முன்பே போட்டால் கணக்கு தப்பும்.

வெல்லம் போடலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். போடலாம், ருசியும் நன்றாக இருக்கும். ஆனால் வெல்லம் காய்ச்சும்போது சுண்ணாம்பு சேர்ப்பது வழக்கம் என்பதால் அது புளிப்பைக் கொஞ்சம் தின்றுவிடும், இரண்டு எலுமிச்சை கூடுதலாக வேண்டும். வெல்லம் முழுக்கச் சர்க்கரையும் இல்லை என்பதால் எடைக் கணக்கும் தோராயம்தான். அதை ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுவது நல்லது. 'சுகருக்காகச் சர்க்கரை பாதி' என்று போடும் ஜாமுக்கும் இதே விதி. அது வெளியே அலமாரியில் வைக்கும் பொருளே கிடையாது.

பாட்டிலில் போடும்போது நடக்கும் தப்பு

பதம் சரியாக வந்த ஜாமும் சென்னைப் புழுக்கத்தில் கெட்டுப்போகிறது என்றால், பெரும்பாலும் மூடியைத்தான் சந்தேகப்பட வேண்டும். வெதுவெதுப்பாக ஆறிய ஜாமைப் பாட்டிலில் போட்டு மூடினால், உள்ளே எழும் ஆவி மூடியின் அடியில் முத்து முத்தாகக் கோத்து, சொட்டுச் சொட்டாக ஜாமின் மேல் விழும். மொத்த ஜாமிலும் 68 பங்கு சர்க்கரை இருந்தாலும், அந்த மேல்தட்டில் மட்டும் நீர்த்துப்போன ஒரு படலம் உருவாகும். பூஞ்சைக்கு அது போதும்.

அதனால் பத்து நிமிஷம் கொதிநீரில் போட்டு எடுத்து, முழுசாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில், ஜாம் 85 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும்போதே, விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை ஊற்றி, உடனே மூட வேண்டும். பாட்டிலும் சூடாக இருக்க வேண்டும், ஆறிய கண்ணாடியில் கொதிக்கும் ஜாமை ஊற்றினால் விரிசல் விடும். மூடியதும் ஓரிரு நிமிஷம் தலைகீழாக வைத்து எடுத்தால் மூடியின் உள்பக்கமும் சூடு படும். திறந்த பிறகு ஃப்ரிட்ஜ், காய்ந்த ஸ்பூன். காலையில் அவசரத்தில் டிஃபன் பாக்ஸ் கட்டும்போது தோசை மாவு ஒட்டிய ஸ்பூன் உள்ளே போனால் அவ்வளவுதான்.

செட் ஆகவில்லை என்றால்?

ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அதன் பிறகும் ஓடினால், முதலில் எடையை யோசிக்க வேண்டும். குறி வைத்த எடைக்கு வராமலே இறக்கியிருந்தால், மறுபடி கொதிக்கவைத்துச் சுண்டவிடலாம். எடை சரி, ஆனாலும் ஓடுகிறது என்றால் புளிப்போ பெக்டினோ குறைவு. இன்னும் சுண்டவைப்பது இதற்குத் தீர்வில்லை, அது மிட்டாய்க்குத்தான் கொண்டுபோகும். இரண்டு கொய்யாக்காயைச் சன்னமாக நறுக்கி, மூழ்கும் அளவு தண்ணீரில் அரை மணி நேரம் மெதுவாக வேகவிட்டு, பிழியாமல் துணியில் வடித்த சாறு வீட்டிலேயே கிடைக்கும் பெக்டின். விளாம்பழத்தையும் இப்படிச் செய்யலாம். அந்தச் சாற்றையும் இரண்டு ஸ்பூன் எலுமிச்சையையும் சேர்த்துப் பழைய எடைக்கே திரும்பக் கொண்டுவந்தால், பெரும்பாலும் நின்றுவிடும்.

ரொம்ப இறுகிவிட்டால், கொஞ்சம் வெந்நீர் விட்டு இளக்கி, மறுபடி தராசில் வையுங்கள். சர்க்கரை பூத்து நறநறத்தால் எலுமிச்சை குறைவு அல்லது அதிகம் சுண்டிவிட்டது என்று அர்த்தம், அதையும் இதே மாதிரி சரிசெய்யலாம். ஜாமின் மேல் தண்ணீர் விட்டுக்கொண்டு வலை சுருங்கினால் புளிப்பு கூடிவிட்டது. சாப்பிடுவதற்கு அது ஒன்றும் செய்யாது, அடுத்த முறை ஒரு எலுமிச்சை குறைத்தால் போதும்.

பூஞ்சை பூத்ததை மட்டும் சரிசெய்ய முடியாது. மேலாக வழித்து எறிந்துவிட்டு மீதியைக் குழந்தைக்குத் தடவிக் கொடுக்கும் பழக்கம் நிறைய வீடுகளில் உண்டு. பூஞ்சையின் நச்சு கண்ணுக்குத் தெரியாமல் கீழேயும் இறங்கியிருக்கும் என்பதால் முழு பாட்டிலையும் கொட்டிவிட வேண்டும். அடுக்குமாடி வாட்ஸ்அப் குரூப்பில் பத்து பாட்டில் விற்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு, வீட்டிலிருந்து விற்றாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும். கூடவே, கையால் பிடித்துப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கிவிடுவது நல்லது. ஒரு துளி ஜாமை வைத்தால் கரைபொருளின் அளவை நேரடியாகக் காட்டும். ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பதில் பல 0 முதல் 32 வரை மட்டுமே காட்டும், பழச்சாறுக்கானவை. ஜாமுக்கு 58 முதல் 92 வரை காட்டுவதைப் பார்த்து வாங்க வேண்டும்.